கருப்பட்டி உருவாகும் விதத்தை ஒரே தாளில் காட்ட வேண்டும்: 17 படிகளை எப்படிச் சுருக்குவது?

நெய்தல்_நிலா

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் கருப்பட்டி காய்ச்சும் சில குடும்பங்கள் சேர்ந்து நேரடி விற்பனை செய்கிறார்கள். அவர்களுக்காக ஒரு தகவல் படம் வரைந்துகொண்டிருக்கிறேன். ஏ3 அளவில் அச்சிட்டுக் கடைகளில், கருப்பட்டி அடுக்கியிருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறார்கள். அதே படம் கைபேசியிலும் போகும்.

செய்முறையைச் சொல்லச் சொன்னேன். வரிசையாகச் சொன்னார்கள்: மரத்தைத் தேர்ந்தெடுப்பது, பாளையை இடுக்கிப் பதப்படுத்துவது, சீவுவது, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது, கட்டுவது, பதநீர் இறக்குவது, பன்னாடையில் வடிப்பது, அடுப்பு மூட்டுவது, காய்ச்சுவது, பொங்காமல் இருக்க இடித்த ஆமணக்கு விதை போடுவது, கிளறுவது, பதம் பார்ப்பது, இறக்கித் துழாவுவது, சிரட்டையில் ஊற்றுவது, ஆறவைப்பது, பரணில் உலர்த்துவது, ஓலைப்பெட்டியில் அடுக்குவது. மொத்தம் 17. ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் உழைப்பு இருக்கிறது, அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

17 கட்டங்கள், அம்புக்குறிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் என்று அடுக்கினால் பார்ப்பவர் கண் எங்கே நிற்கும் என்று எனக்கே தெரியவில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய ஓர் அளவுகோல் வேண்டும். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பிக்சல்_பாண்டி

இதற்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. மனித மனத்தால் ஒரே நேரத்தில் ஏழு விஷயங்களைத்தான் பிடித்துவைத்துக்கொள்ள முடியும், கூடக்குறைய இரண்டு. ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956-இலேயே எழுதிவிட்டார். எனவே 17-ஐ ஏழாக்குங்கள். ஏழு வட்டம், ஏழு சின்னம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சொல். சின்னங்களை நீங்கள் வரைய வேண்டிய தேவையே இல்லை. பனைமரம், பானை, தீ, கரண்டி எல்லாம் இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. ஒரே மாலையில் முடிக்கலாம்.

---

மைக்கோடு

பாண்டி சொல்லும் கட்டுரை உண்மையானதுதான். ஆனால் அது பேசுவது காதால் கேட்ட எண்களையும் சொற்களையும் உடனே திருப்பிச் சொல்வது போன்ற வேலைகளைப் பற்றி. சுவரில் மாட்டிய படத்தை யாரும் மனத்தில் பிடித்துவைக்க வேண்டியதில்லை. அது கண் முன்னாலேயே இருக்கிறது, மறந்தால் மீண்டும் பார்த்துக்கொள்ளலாம். ஏழு படி வைத்த படமும் குழப்பலாம், இருபது படி வைத்த படமும் தெளிவாக இருக்கலாம். பார்ப்பவர் திணறுவது எண்ணிக்கையால் அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் "இப்போது நான் எதைப் பார்க்க வேண்டும்" என்று புதிதாகத் தேட வேண்டியிருப்பதால்தான்.

உங்கள் 17-ஐ மீண்டும் படித்துப் பாருங்கள், நிலா. முதல் படியில் மரம் நாயகன். இரண்டாவதில் பாளை. நான்காவதில் கலயம். எட்டாவதில் அடுப்பு. பத்தாவதில் ஆமணக்கு விதை. கட்டத்துக்குக் கட்டம் நாயகன் மாறினால் பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறார். நான் அருங்காட்சியகங்களுக்கும் பாடநூல்களுக்கும் செய்முறைப் படங்கள் வரைந்து வருகிறேன். முதலில் செய்வது ஒன்றுதான்: எந்தப் பொருளின் பயணம் இது என்று தீர்மானிப்பது. இங்கே அது பதநீர். பாளையிலிருந்து சொட்டுவது முதல் கட்டியாக உறைவது வரை அந்த நீர் மட்டுமே இடமிருந்து வலமாக, அல்லது மேலிருந்து கீழாக, அறுபடாமல் ஓட வேண்டும். சுண்ணாம்பு, விறகு, ஆமணக்கு, சிரட்டை எல்லாம் பக்கவாட்டில் வந்து அதைத் தொட்டுவிட்டு நிற்கலாம். அவற்றுக்கு எண் போட வேண்டாம், கட்டமும் வேண்டாம்.

இப்படிப் பிரித்தால் உங்கள் 17-உம் மூன்று இடங்களில் அடங்கிவிடும்: மரத்தின் உச்சி, அடுப்பு, சிரட்டை. மூன்று காட்சிகள் போதும். குடும்பங்கள் சொன்ன பெரும்பாலான வேலைகள் அந்தக் காட்சிகளுக்குள் சித்திரமாகவே இருக்கும். பன்னாடையில் வடிப்பதை அடுப்புக் காட்சியின் ஓரத்தில் வரைந்தால் போதும். தெரிந்தவர் கண்டுகொள்வார். தெரியாதவருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆயத்தச் சின்னங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தொகுப்புகளில் "பனை" என்று தேடினால் கிடைப்பது பெரும்பாலும் வளைந்த தண்டும் இறகு போன்ற ஓலையும் கொண்ட மரம். அது தென்னை, அல்லது ஈச்சை. நம் பனை நிமிர்ந்து நிற்கும் கருத்த மரம், ஓலை விசிறி போல விரியும். தூத்துக்குடிக்காரர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்த நொடியில், கீழே எழுதியிருக்கும் எதையும் நம்பமாட்டார்.

---

தேரி_மண்

மைக்கோடு ஐயா சொல்வது சரி. நான் உடன்குடிப் பக்கம். எங்கள் அப்பா பனையேறி. வரைவதைப் பற்றி எனக்குத் தெரியாது. விஷயத்தில் பிழை வரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பாளை சீவுவது ஒரு நாளில் முடியும் வேலை இல்லை. காலையிலும் மாலையிலும் மரம் ஏறி மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். விட்டால் வெட்டிய வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், சொட்டு நின்றுவிடும். பருவம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி, ஆடி வரை போகும். அத்தனை நாளும் இதே வேலைதான். படத்தில் "பாளை சீவுதல்" என்று ஒரு கட்டம் போட்டு அம்புக்குறி வைத்து நகர்ந்துவிட்டால், ஒரு தடவை சீவி ஒரு தடவை காய்ச்சினார்கள் என்றுதானே படிப்பவர் நினைப்பார்? விலையைப் பார்த்து முகம் சுளிப்பவரிடம் சொல்ல வேண்டியதே அதுதான்.

இன்னொன்று. ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் பதநீர் உண்டு, இடுக்கும் முறைதான் வேறு. பெண் பனையை மட்டும் நுங்குக் குலையோடு வரைந்து வைத்துவிடாதீர்கள்.

---

நெய்தல்_நிலா

அண்ணாச்சி, மிக்க நன்றி. அந்த அன்றாடச் சுற்று என் பட்டியலில் இல்லவே இல்லை. மைக்கோடு ஐயா, நேர்கோட்டில் ஓடும் ஒரு படத்துக்குள் தினமும் திரும்பத் திரும்ப நடப்பதை எப்படிக் காட்டுவது? வட்ட அம்பு போட்டால் பதநீரே திரும்பி மரத்துக்குப் போவது போலத் தோன்றுகிறது.

---

செக்கு_வீடு

நாங்கள் மரச்செக்கில் நல்லெண்ணெய் ஆட்டி விற்கிறோம். இந்த மாதிரி விவரமெல்லாம் பொட்டலத்தில் போடுவதற்கு முன்னால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், தயாரித்த தேதி, நிகர எடை இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கள் லேபிளில் செய்முறைப் படம் சேர்த்தோம், கட்டாய விவரங்களுக்கு இடம் போதாமல் போய்விட்டது. எழுத்து அளவுக்குக்கூட விதி இருக்கிறது.

---

நெய்தல்_நிலா

ஐயா, இது பொட்டலத்தின் லேபிள் இல்லை, கடைச் சுவரில் மாட்டும் தாள். லேபிளை அவர்கள் தனியாகச் செய்துவிட்டார்கள். ஆனாலும் கேட்கிறேன், உங்கள் படத்தில் என்ன காட்டினீர்கள்?

---

செக்கு_வீடு

எள் கழுவுவது, காயவைப்பது, செக்கில் ஆட்டுவது, தெளியவைப்பது. நான்கு படம். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதை மட்டும் தனியே ஒரு மூலையில் பெரிதாகப் போட்டிருந்தோம். எண்ணெயில் எதற்குக் கருப்பட்டி என்று எல்லாரும் கேட்டது அதைத்தான். பிண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரிவதற்கு என்று சொன்னால் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

---

மைக்கோடு

செக்கு வீட்டுக்காரர் தேவையான இடத்தைத் தொட்டுவிட்டார். எல்லாப் படிக்கும் ஒரே அளவு இடம் கொடுத்தால் எதுவும் நிற்காது. "இது எதற்கு" என்று பார்ப்பவர் கேட்கக்கூடிய இடம் எதுவோ அதைத்தான் பெரிதாக்க வேண்டும். கருப்பட்டியில் அப்படி இரண்டு இடங்கள் இருக்கின்றன என்பது என் கணிப்பு.

முதலாவது சுண்ணாம்பு. இனிப்பான ஒரு பொருளுக்கு எதற்குச் சுண்ணாம்பு? பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்னத் தொடங்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றைத் தடுக்கிறது. தடவாத கலயத்தில் இறங்குவது கள். அதில் சர்க்கரை சாராயமாக மாறத் தொடங்கியிருக்கும், அதைக் காய்ச்சினால் கருப்பட்டி சரியாகக் கட்டாது. ஒரே மரம், ஒரே பாளை, கலயத்தின் உட்புறம் மட்டும் வேறு. பக்கத்தில் பக்கத்தில் வெட்டுமுகமாக இரண்டு கலயங்கள் வரைந்தால் ஒரு பத்தி எழுத்து மிச்சம்.

இரண்டாவது, காய்ச்சுதலின் கடைசி நேரம். இதைத்தான் பெரும்பாலான படங்கள் தவறாகக் காட்டுகின்றன. "காய்ச்சுதல், கிளறுதல், பதம்" என்று மூன்று சம அளவுக் கட்டங்கள் போட்டால், மூன்றும் சம நேரம் எடுப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். உண்மை அப்படி இல்லை. பதநீரில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை எவ்வளவு எரித்தாலும் சூடு நூறு டிகிரியை ஒட்டியேதான் நிற்கும். மணிக்கணக்கில் கொதிக்கும், நிறம் மெல்ல மெல்லத்தான் மாறும். தண்ணீர் குறைந்து பாகானதும் சூடு சட்டென்று ஏறும், நிறமும் விரைவாகக் கருக்கும். இறக்க வேண்டிய நேரம் சில நிமிடங்களுக்குள் வந்து போய்விடும். தவறினால் அடிப்பிடித்துக் கசக்கும், முந்தினால் கட்டி இறுகாது. எனவே கட்டங்கள் வேண்டாம். ஒரு நீண்ட பட்டை வரையுங்கள். அதன் நீளம்தான் நேரம். பட்டையின் பெரும்பகுதி வெளிர்நிறத்தில் கிடக்கட்டும், பின்பு பொன்னிறம், கடைசி விரல்கடை அளவில் கருமை. அந்த முனையில் மட்டும் ஒரு கை, தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்த பாகை உருட்டிப் பார்ப்பதாக வரையுங்கள். ஆள் ஏன் அடுப்பை விட்டு நகர முடியாது என்பது தானாகப் புரியும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிறத்தைப் பதநீருக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். மரம், ஆள், அடுப்பு, கலயம் எல்லாம் சாம்பல் நிறக் கோட்டோவியம். தாளில் வண்ணம் தெரியும் இடமெல்லாம் அந்த நீர்தான் என்று பார்ப்பவர் யாரும் சொல்லாமலே பிடித்துக்கொள்வார். பின்னணிக்கு இளம்பச்சை, தலைப்புக்குச் சிவப்பு என்று தூவினால் அந்த வழி கெட்டுவிடும்.

அன்றாடச் சுற்றுக்கு வட்ட அம்பு வேண்டாம். திரும்புவது பதநீர் இல்லை, மனிதர். மரத்தையொட்டி ஏறும் ஒருவர், இறங்கும் ஒருவர். ஏறுபவர் இடுப்பில் சுண்ணாம்பு தடவிய வெற்றுக்கலயம், இறங்குபவரிடம் நிறைந்த கலயம். பக்கத்தில் சிறிதாக "காலை, மாலை, மாசி முதல் ஆடி வரை". அவ்வளவே.

---

பிக்சல்_பாண்டி

ஏழு பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நிறமே இல்லாத தாள் கடையில் எடுபடுமா? பக்கத்தில் பிஸ்கட் பொட்டலங்களும் சாக்லேட் உறைகளும் கண்ணைப் பறிக்கும்போது சாம்பல் நிற ஓவியத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? முதலில் பார்க்கவைத்தால்தானே விளங்கவைக்க முடியும்?

---

மைக்கோடு

நியாயமான கேள்வி. என் பதில், அந்தப் பட்டை பெரியதாக இருக்கட்டும் என்பதுதான். ஏ3 தாளின் முழு அகலத்துக்கும் வெளிர்நிறத்திலிருந்து கருமைக்குப் போகும் ஒரே பட்டை, தள்ளி நின்று பார்த்தாலும் தெரியும். ஆனால் கடை வெளிச்சத்தில் மாட்டிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

---

நெய்தல்_நிலா

பட்டை யோசனை மிகவும் பிடித்திருக்கிறது. இனி அளவு. எவ்வளவு பதநீருக்கு எவ்வளவு கருப்பட்டி என்பதுதான் வாங்குபவர்கள் அடிக்கடி கேட்பதாம். குடும்பங்களில் ஒருவர் எட்டு லிட்டருக்கு ஒரு கிலோ என்கிறார், இன்னொருவர் பத்து என்கிறார். நான் ஒரு பெரிய கலயமும் ஒரு சிறிய கருப்பட்டியும் வரைந்திருக்கிறேன், கலயம் பத்து மடங்கு உயரம். ஆனால் பார்க்கும்போது ஏதோ மிகைப்படுத்தியது போல இருக்கிறது.

---

தேரி_மண்

இரண்டு பேரும் சொல்வது உண்மை. மரத்துக்கு மரம் மாறும், மாதத்துக்கு மாதம் மாறும். எட்டிலிருந்து பத்து என்று சொல்வதுதான் நேர்மை. ஒரே எண் போட்டால் நாளைக்கு ஒருவர் வந்து கணக்குக் கேட்பார்.

---

மைக்கோடு

மிகையாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. உயரத்தைப் பத்து மடங்காக்கினால் அகலமும் கூடவே பத்து மடங்காகிறது. தாளில் அது பிடிக்கும் பரப்பு நூறு மடங்கு. கண் பார்ப்பது பரப்பைத்தான். கலயம் உருண்டையாகத் தெரிவதால் கொள்ளளவு என்று எடுத்துக்கொள்பவருக்கு ஆயிரம் மடங்கு. நீங்கள் சொல்ல வந்தது பத்து.

வியன்னாவில் 1920-களில் ஓட்டோ நியூராத் இதற்கு ஒரு வழி வகுத்தார். பின்னாளில் ஐசோடைப் என்று பெயர் பெற்றது அந்த முறை. அளவு கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவுப் படத்தை மேலும் சில முறை வரைய வேண்டும். உங்கள் படத்தில் ஒரு சிறு கலயம் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கலயங்களை நிறைத்து வரையுங்கள். ஒன்பதாவதையும் பத்தாவதையும் வெறும் கோட்டோடு விட்டுவிடுங்கள். எதிரே ஒரு கிலோ கருப்பட்டி. "எட்டிலிருந்து பத்து" என்று வாயால் சொல்வதைக் கண்ணும் அப்படியே எண்ணிக்கொள்ளும். தேரி மண் அண்ணாச்சி கேட்கும் நேர்மையும் கெடாது.

---

அச்சுக்கூடம்

அச்சுப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஏ3 தாளைக் கடையில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றுதான் படிப்பார்கள். தூரத்தை இருநூறால் வகுத்தால் எழுத்தின் உயரம் ஓரளவு கிடைக்கும் என்பது நாங்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. ஒன்றரை மீட்டருக்கு ஏழு, எட்டு மில்லிமீட்டர். தமிழில் இதை "க" போன்ற வெற்று எழுத்துக்கு அளக்க வேண்டும். "கீ", "கூ" ஆகியவற்றின் மேல்விலங்கையும் கீழ்வளைவையும் சேர்த்து அளந்தால் நடு எழுத்து சிறுத்துப்போகும். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக இடம் விட வேண்டும், இல்லையென்றால் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கும்.

இந்த அளவை முதலிலேயே வைத்துக்கொண்டால் 17 விளக்கங்கள் தாளில் ஏறவே ஏறாது. ஐந்தாறு சிறு வாக்கியங்கள்தான் கொள்ளும். குடும்பத்தாரிடம் அதை அச்சிட்டுக் காட்டுங்கள், விவாதம் சுலபமாகும்.

இன்னொரு எச்சரிக்கை. கோப்பை InDesign மென்பொருளில் அடுக்கினால் பத்தி அமைப்பில் `Adobe World-Ready Paragraph Composer` தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் "கொ" என்பதில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். எங்களிடம் வரும் தமிழ்க் கோப்புகளில் அடிக்கடி பார்க்கிறோம். "கொதிக்கும்", "கொப்பரை" எல்லாம் உங்கள் படத்தில் இருக்கும் சொற்கள்தானே.

---

நெய்தல்_நிலா

எல்லாருடைய யோசனையையும் வைத்து ஒரு கோட்டுப்படம் தயாரித்து, கடைக்கு வந்த சிலரிடம் காட்டினேன். மைக்கோடு ஐயா தனி மடலில் சொன்னபடி, முதலில் சில நொடிகள் மட்டும் காட்டி மறைத்துவிட்டு "இது எதைப் பற்றியது" என்று கேட்டேன். பிறகு நன்றாகப் பார்க்கவிட்டு, மீண்டும் மறைத்து, "இதை வீட்டில் ஒருவருக்குச் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வீர்கள்" என்று கேட்டேன். புரிந்ததா என்று கேட்கவே கூடாது என்றார். அப்படிக் கேட்டால் எல்லாரும் ஆம் என்றுதான் சொல்வார்களாம்.

பட்டை நன்றாக வேலை செய்கிறது. "ரொம்ப நேரம் கொதிக்குது, கடைசியில்தான் சட்டென்று கறுக்குது" என்று ஒரு பெரியவர் அப்படியே சொன்னார். கலய வரிசையைச் சிலர் விரலால் எண்ணினார்கள். கோட்டுக் கலயங்கள் இரண்டையும் பார்த்து "இவை காலியா" என்று ஒருவர் கேட்டார், மற்றவர்களுக்குச் சிக்கல் இல்லை.

விழுந்த இடம் சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறத்தை வெள்ளையாகத் தீட்டியிருந்தேன், பதநீரும் வெளிர்நிறம். பார்த்தவர்களில் பலர் கலயத்துக்குள் பால் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஓர் அம்மா தேங்காய்த் துருவல் என்றார். கதையைத் திருப்பிச் சொல்லும்போது மரத்திலிருந்து நேராக அடுப்புக்குத் தாவிவிட்டார்கள்.

---

மைக்கோடு

நிறத்தைப் பதநீருக்கு ஒதுக்கச் சொன்ன விதி இங்கே உடைகிறது. வெள்ளையாகத் தீட்டிய உடனே அதுவும் ஒரு நீர் என்று கண் எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்பைத் தீட்டாதீர்கள். புள்ளிகளாகப் போடுங்கள், சாம்பல் நிறத்தில், கலயத்தின் உள்விளிம்பை ஒட்டி மட்டும். தடவும் கையையும் வரையுங்கள். செயல் தெரிந்தால் பொருள் தெரியும். "சுண்ணாம்பு" என்ற சொல்லை அந்தப் புள்ளிகளின் மேலேயே, கோடு இழுக்காமல் எழுதுங்கள். தாளின் ஓரத்தில் குறிவிளக்கப் பெட்டி வைத்தால், கண் படத்துக்கும் பெட்டிக்கும் போய்ப்போய் வரவேண்டியிருக்கும்.

---

தேரி_மண்

தடவும் கை நல்ல யோசனை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கள் கலயம் படத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. பதநீர் இறக்கும் எங்களையே சந்தேகமாகப் பார்த்த காலம் உண்டு. கடைச் சுவரில் கருப்பட்டிக்குப் பக்கத்தில் "கள்" என்று எழுதியிருந்தால் வாங்க வருபவர் என்ன நினைப்பார்? பனையேறி என்றாலே கள் என்று பேசுகிறவர்களிடமிருந்து விலகி வரத்தானே இந்தப் படம்?

---

மைக்கோடு

அண்ணாச்சி, உங்கள் கவலை புரிகிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பார்வையைச் சொல்லிவிடுகிறேன். பதநீர் என்றால் கள்தானே என்று கேட்பவர் மனத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, சுண்ணாம்பு எதைத் தடுக்கிறது என்று காட்டினால்தான் அந்தக் குழப்பம் தீரும். ஒற்றைக் கலயத்தை மட்டும் காட்டினால் சுண்ணாம்பு ஏதோ கலப்படம் போலத் தெரியும் ஆபத்தும் இருக்கிறது.

---

செக்கு_வீடு

"புளிக்காமல் இருக்க" என்று மட்டும் எழுதினால் போதாதா? மாவு புளிப்பது தெரியாத வீடு இல்லை. கள் என்ற பேச்சே வேண்டாம்.

---

தேரி_மண்

அது எனக்குச் சம்மதம்.

---

மைக்கோடு

எழுத்துக்கு அது போதும். படத்தில் ஒப்பீடு இருந்தால் இன்னும் வலுவாக இருக்கும் என்றே இப்போதும் நினைக்கிறேன். பெயர் எழுதாமல், சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் நுரை பொங்குவதாக மட்டும் வரையலாம். ஆனால் இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்தக் குடும்பங்கள்.

---

நெய்தல்_நிலா

இரண்டு வடிவத்தையும் அவர்களிடம் கொண்டுபோகிறேன். கள் கலயம் வைத்தது, நுரை மட்டும் வைத்தது.

இன்னொரு கோரிக்கையும் வந்திருக்கிறது: பனங்கற்கண்டையும் இதே தாளில் சேர்க்க வேண்டுமாம். பதநீர்தானே அதற்கும் மூலம், பாதிவழியில் ஒரு கிளை பிரித்தால் போதும் என்கிறார்கள்.

---

மைக்கோடு

வேண்டாம். கற்கண்டுக்குப் பாகை முன்பதத்திலேயே இறக்கி, பல வாரங்கள் அசையாமல் வைத்துப் படிகமாக்குகிறார்கள். கருப்பட்டிப் பட்டையின் நீளம் சில மணி நேரம். அதே தாளில் பல வாரங்களை எந்த நீளத்தில் வரைவீர்கள்? ஒன்று பட்டை பொய் சொல்லும், அல்லது தாள் போதாது. கற்கண்டுக்குத் தனித்தாள் போடுங்கள், இதே நிறம், இதே கோடு. பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் உறவு தெரியும். சுக்குக் கருப்பட்டியை மட்டும் சேர்க்கலாம். சிரட்டையில் ஊற்றும் முன் பாகில் சுக்குத்தூள் விழுவதாக ஒரு சிறு கை வரைந்தால் முடிந்தது.

---

பிக்சல்_பாண்டி

கைபேசிக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? முழு அகலப் பட்டை கைபேசியில் நூலாகிவிடும்.

---

நெய்தல்_நிலா

பட்டையை நிமிர்த்தி நிறுத்திப் பார்த்தேன். மேலே மரம், கீழே சிரட்டை. விரலால் தள்ளத் தள்ள வெளிர்நிறம் நீண்டுகொண்டே போகிறது, அடியில் கறுக்கிறது. மரம் மேலே இருப்பதும் இயல்பாகவே அமைந்துவிட்டது. ஆனால் கலய வரிசையைப் பட்டைக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்று தெரியவில்லை. முன்னால் வைத்தால் கதை தொடங்கும் முன்பே கணக்கு வருகிறது. பின்னால் வைத்தால் பாதியில் நிறுத்துபவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

---

தேரி_மண்

முன்னால் வையுங்கள். விலை கேட்பவர்தான் முதலில் நிற்பார்.

---

அச்சுக்கூடம்

அச்சுத் தாளில் அது வலது கீழ் மூலையில் இருக்கலாம், கைபேசியில் மேலே இருக்கலாம். இரண்டும் ஒரே அமைப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அச்சுக்கு அனுப்பும் முன் அந்தப் பட்டையின் கரும்முனையை மட்டும் ஒரு சிறு துண்டில் அச்சிட்டுப் பாருங்கள். பளபளப்பில்லாத தாளில் அடர்பழுப்பும் கறுப்பும் ஒன்றாகிவிடும். பாகு எங்கே முடிகிறது, தீய்ந்தது எங்கே தொடங்குகிறது என்று திரையில் தெரிவது தாளில் தெரியாமல் போகலாம். கருப்பட்டிக் கட்டி ஒன்றையும் கொண்டுவாருங்கள், பக்கத்தில் வைத்து நிறம் ஒப்பிட்டுவிடலாம்.